அதிகாரப் பிரிவினைக்குப் பத்து மதிப்பெண்: மூன்று வழிகளில் எதை எடுப்பது?

"அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டையும் தடைகள், சமநிலைகள் முறையையும் விளக்குக." கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும். மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண்ணுக்கு எழுதும் தாள் என்றால் கணக்குப்படி இதற்கு 18 நிமிடம், அதில் யோசிக்க மூன்று நிமிடம் போனால் எழுதக் கிடைப்பது பதினைந்து. பதினைந்து நிமிடத்தில் கையால் எழுத முடிவது 250, மிஞ்சிப்போனால் 300 சொல். தெரிந்ததை எல்லாம் கொட்ட இடம் இல்லை, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இந்த விடையைக் கட்ட மூன்று வழிகள் உண்டு. சிந்தனையாளர்களை வரிசையாக நிறுத்தி யார் என்ன சொன்னார் என்று போவது ஒன்று. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா என்று நாடுகளாகப் பிரித்து எழுதுவது இன்னொன்று. ஒரே ஒரு வழக்கை எடுத்து அதற்குள் கோட்பாடு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது மூன்றாவது. மூன்றிலும் நல்ல விடை எழுதலாம், மோசமாகவும் எழுதலாம். நான் மாணவனாக இருந்தபோது முதல் வழியில் இரண்டரைப் பக்கம் எழுதி பத்துக்கு ஐந்து வாங்கினேன். ஏன் ஐந்து என்று பிறகு விடைத்தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது: பிரிவினை பற்றி இரண்டே கால் பக்கம், தடைகள், சமநிலைகள் பற்றி கடைசியில் நாலு வரி.

எந்த வழியை எடுப்பது என்று பார்ப்பதற்கு முன் கேள்வியில் உள்ள 'யும்' 'யும்' இரண்டையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பலர் இரண்டையும் ஒரே விஷயத்தின் இரண்டு பெயர் மாதிரி எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. பிரிவினை சொல்வது: உன் வேலையை நீ பார், அடுத்தவன் வேலையில் கை வைக்காதே. தடைகளும் சமநிலைகளும் சொல்வது: அடுத்தவன் வேலையில் கொஞ்சம் கை வை, இல்லாவிட்டால் அவன் உன் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்வான். அமெரிக்க அதிபரின் வீட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை அவர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பலாம், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால்தான் அதை மீறிச் சட்டமாக்க முடியும். அப்படியானால் நிர்வாகத்துறையின் தலைவர் சட்டம் இயற்றும் வேலைக்குள் வந்துவிட்டார். பிரிவினையை முழு இறுக்கமாகப் பிடித்தால் வீட்டோவே ஒரு மீறல். பிறகு ஏன் ஒரே அரசியலமைப்பு இரண்டையும் வைத்திருக்கிறது? விடை இந்தக் கேள்வியைத் தொட்டதா இல்லையா என்பதில்தான் ஐந்துக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. மூன்று வழிகளையும் இதை வைத்தே எடை போடப் போகிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் எழுதுபவர்களுக்கு 'அதிகாரப் பிரிவினை', 'அதிகாரப் பகிர்வு', 'அதிகாரப் பரவலாக்கம்' மூன்றும் காதில் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையில் அதிகாரம் எப்படிப் பிரிகிறது என்பது கூட்டாட்சி, அது வேறு பாடம். இந்தக் கேள்வி ஒரே மட்டத்தில் உள்ள சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை பற்றியது. வலுவேறாக்கம் என்ற சொல்லில் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது, மற்றவர்கள் பொதுப்பட்டியல் என்று எழுத ஆரம்பித்தால் உடனே பேனாவை நிறுத்துங்கள்.

சரி, முதல் வழி. இதில் உள்ள கவர்ச்சி, பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடமாக இருக்கும், கை தானாக ஓடும். ஆபத்தும் அதுதான். அரிஸ்டாட்டிலில் தொடங்கினால் மான்டெஸ்கியூவுக்கு வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். நடுவில் லாக் வருவார், அங்கே ஒரு வழக்கமான தவறு காத்திருக்கிறது: லாக் சொன்ன மூன்று அதிகாரங்கள் சட்டமியற்றல், நிர்வாகம், நீதி என்று எழுதுவது. அவர் மூன்றாவதாகச் சொன்னது நீதித்துறையை அல்ல, போர், சமாதானம், உடன்படிக்கை போன்ற வெளியுறவு அதிகாரத்தை. இன்று நாம் பேசும் மூவர் அணி மான்டெஸ்கியூவிடம்தான், 1748-இல் வெளியான நூலில், இங்கிலாந்தின் அரசியலமைப்பைப் பற்றிய பகுதியில் தெளிவாக வருகிறது. சட்டமியற்றும் அதிகாரமும் நிறைவேற்றும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் இல்லை, நீதி வழங்கும் அதிகாரம் அவற்றில் எதோடு சேர்ந்தாலும் இல்லை என்பது அவர் வாதம்.

இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது அதே பகுதியில் அவர் செய்யும் இன்னொரு வேறுபாடு. ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் வேறு, பிறர் எடுத்த முடிவைத் தடுக்கும் அதிகாரம் வேறு என்கிறார். அரசனுக்குச் சட்டமியற்றலில் எடுக்கும் பங்கு இருக்கக் கூடாது, ஆனால் தடுக்கும் பங்கு வேண்டும், இல்லாவிட்டால் சட்டமன்றம் அவன் அதிகாரத்தை எல்லாம் பறித்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆக, பிரிவினையின் தந்தை என்று நாம் எழுதும் மனிதரிடமே தடையும் இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து 1788-இல் மேடிசன் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 47-ஆவதில் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். மான்டெஸ்கியூ சொன்னது ஒரு துறை இன்னொன்றின் செயலில் கொஞ்சம்கூடப் பங்கேற்கக் கூடாது என்பதல்ல, ஒன்றின் முழு அதிகாரமும் இன்னொன்றின் முழு அதிகாரமும் ஒரே கைக்குப் போகக் கூடாது என்பதே என்று அவர் வாதாடினார். 51-ஆவதில் அடுத்த படி: தாளில் எல்லை போட்டு வைத்தால் யாரும் அதற்கு அடங்க மாட்டார்கள், ஒவ்வொரு துறையில் இருப்பவருக்கும் மற்றவரின் அத்துமீறலை எதிர்க்க வழியும் வேண்டும், அப்படி எதிர்ப்பதில் சொந்த ஆசையும் இருக்க வேண்டும்.

முதல் வழியில் மதிப்பெண் பெற்றுத் தருவது இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். அரிஸ்டாட்டிலையும் லாக்கையும் தூக்கிப் போட்டுவிட்டு மான்டெஸ்கியூவின் எடுத்தல், தடுத்தல் வேறுபாட்டையும் மேடிசன் அதை விரித்த விதத்தையும் ஐந்தாறு வரியில் எழுதினால் கோட்பாட்டுப் பகுதி முடிந்தது. ஆனால் முழு விடையையும் இந்த வழியில் எழுதினால் நிஜ அரசு ஒன்றுகூட உள்ளே வராது. யார் யாரைத் தடுத்தார்கள், தடுத்ததும் என்ன ஆயிற்று என்பது இல்லாமல் பக்கம் முடிந்துபோகும்.

இரண்டாவது வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 300 சொல்லை மூன்று நாட்டுக்குப் பிரித்தால் தலா நூறு. நூறு சொல்லில் ஒரு நாட்டின் முறையை விவரிக்கத்தான் முடியும், ஒப்பிட முடியாது. கடைசியில் 'அமெரிக்காவில் முழுமையாக உண்டு, பிரிட்டனில் இல்லை, இந்தியாவில் ஓரளவு' என்ற வரியில்தான் வந்து நிற்கும். அந்த வரி பாதித் தவறு. அமெரிக்காவில் முழுமையாக இல்லை, வீட்டோவைப் பார்த்தோம். பிரிட்டனில் அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பது சரி, ஆனால் நீதித்துறையைப் பிரிக்கும் வேலை அங்கே அண்மையில்தான் பெரிதாக நடந்தது: 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009-இல் உச்ச நீதிமன்றம் தனியாக வந்தது, அதுவரை நாட்டின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிபதிகள் பிரபுக்கள் அவையின் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

கேள்வியிலேயே 'ஒப்பிடுக' என்று இருந்தால் இந்த வழியைத் தவிர்க்க முடியாது. அப்போது நாடு நாடாகப் போகாமல் ஒரே ஒரு அச்சை எடுங்கள். நான் எடுப்பது: நிர்வாகத்தை யார், எவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்பலாம்? அமெரிக்காவில் அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு, நிலையானது. இடையில் நீக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை பெரும்பான்மையில் குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் தண்டிக்க வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன், டிரம்ப் ஆகிய மூவர்மீது குற்றச்சாட்டு நிறைவேறியது (டிரம்ப்மீது இருமுறை), ஒருவரையும் செனட் நீக்கவில்லை. 1868-இல் ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். இந்தியாவில் அரசியலமைப்பின் 75(3)-ஆம் உறுப்பின்படி அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது, சாதாரணப் பெரும்பான்மையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் போதும். அதற்கு எதிர்ப்பக்கம், அமெரிக்க அதிபரால் காங்கிரஸைக் கலைக்க முடியாது, நாடாளுமன்ற முறையில் கீழவையைக் கலைக்கச் சொல்லிப் பரிந்துரைக்கப் பிரதமருக்கு வழி உண்டு. இப்படி எழுதினால் 'இங்கே உண்டு, அங்கே இல்லை' போய், தடை வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அதற்கு நான் வைத்திருப்பது 1952-ஆம் ஆண்டு அமெரிக்க எஃகு ஆலை வழக்கு, பாடப் புத்தகங்களில் யங்ஸ்டவுன் வழக்கு என்று வரும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. சம்பளத் தகராறில் எஃகுத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. எஃகு நின்றால் ஆயுதம் நிற்கும் என்று சொல்லி, ஏப்ரல் 8-ஆம் தேதி அதிபர் ட்ரூமன் ஒரு நிர்வாக ஆணை போட்டார்: வணிகத் துறைச் செயலர் நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளைக் கைப்பற்றி நடத்த வேண்டும். இதற்கு அனுமதி தரும் சட்டம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், 1947-இல் தொழில் தகராறுச் சட்டம் ஒன்றை விவாதித்தபோது இப்படிக் கைப்பற்றும் அதிகாரத்தைத் தரலாமா என்ற யோசனை காங்கிரஸ் முன் வந்து நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆலை முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். ஏப்ரல் கடைசியிலேயே மாவட்ட நீதிபதி தடை விதித்தார், ஜூன் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதிபரின் ஆணை செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிளாக்கின் வாதம் எளிமையானது: சட்டங்கள் சரியாக நிறைவேறுவதைப் பார்த்துக்கொள்வதுதான் அதிபருக்குத் தந்த வேலை, அந்த வேலையைத் தந்த விதமே அவர் சட்டம் இயற்றுபவர் அல்ல என்று காட்டுகிறது.

இது ஏன் பத்து மதிப்பெண்ணுக்கு அவ்வளவு பொருத்தம் என்றால், கேள்வியின் இரண்டு பாதியும் ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. அதிபர் செய்தது சட்டமியற்றல், அது காங்கிரஸின் வேலை என்பது பிரிவினை. அதை நிறுத்தியது மூன்றாவது துறை என்பது தடை. அப்புறம் ஒரு விவரம் உண்டு, அதைச் சேர்த்தால் விடை தனியாகத் தெரியும். அன்றைய ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். அவர்களில் பர்ட்டன், கிளார்க் இருவரும் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். நியமிப்பது அதிபர், ஒப்புதல் தருவது செனட், ஆனால் உட்கார்ந்தபின் பதவி ஆயுளுக்கு, சம்பளத்தைக் குறைக்க முடியாது. துறைகளைப் பிரிப்பது என்றால் வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, ஆளின் பிழைப்பையும் பிரிப்பது என்பதை இந்த இரண்டு வாக்கும் காட்டுகின்றன.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும், பலர் தீர்ப்போடு நிறுத்திவிடுவார்கள். ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார், வேலைநிறுத்தம் தொடங்கி ஏழு வாரத்துக்கு மேல் நடந்தது. காங்கிரஸ் கடைசி வரை அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. நீதிமன்றத்தால் அதிபரைத் தடுக்க முடிந்ததே தவிர, தகராறைத் தீர்க்கவோ எஃகு உருக்கவோ முடியவில்லை. மான்டெஸ்கியூவின் எடுத்தல், தடுத்தல் வேறுபாடு அப்படியே இங்கே வந்து உட்கார்கிறது பாருங்கள். முதல் வழியில் இருந்து அந்த ஒரு வரியை மட்டும் காப்பாற்றி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

விடைத்தாளில் இது எப்படி இருக்கும் என்று ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன். பெரும்பாலும் பார்க்கும் வடிவம் இது: "தடைகள் மற்றும் சமநிலைகள் என்பது ஒரு துறை மற்றொரு துறையைக் கட்டுப்படுத்துவதாகும். இதனால் சர்வாதிகாரம் தடுக்கப்படுகிறது. எ.கா. வீட்டோ, பதவி நீக்கம், நீதிப் புனராய்வு." தவறு ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று உதாரணமும் பெயர்ப்பலகையாக நிற்கின்றன. இதே இடத்தில் இப்படி எழுதலாம்: "1952-இல் அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்ற ஆணையிட்டபோது, அதற்குச் சட்ட அனுமதி இல்லை, காங்கிரஸ் 1947-இல் அத்தகைய அதிகாரத்தைத் தர மறுத்திருந்தது. எனவே ஆணை சட்டமியற்றும் அதிகாரத்துக்குள் நுழைந்தது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவரே நியமித்த நீதிபதிகளில் இருவர்கூட எதிராக வாக்களித்தனர். ஆயினும் நீதிமன்றத்தால் தடுக்க மட்டுமே முடிந்தது. மாற்றுத் தீர்வைக் காங்கிரஸே தந்திருக்க வேண்டும், அது தரவில்லை." ஐந்தே வாக்கியம், அதற்குள் பிரிவினை, தடை, சுதந்திரமான நீதித்துறை, தடையின் எல்லை நான்கும் வந்துவிட்டன.

தாள் இந்திய அரசியலமைப்பைப் பற்றியது என்றால் வழக்கை மட்டும் மாற்றுங்கள், எலும்புக்கூடு அதேதான். 1986-ஆம் ஆண்டு வாத்வா வழக்கு இதற்கு அழகாகப் பொருந்தும். சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம், அவை மறுபடி கூடிய ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களை அவைக்குக் கொண்டுபோகாமலே திரும்பத் திரும்பப் பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு ஆண்டுவரை உயிரோடு வைத்திருந்தார்கள். இது அரசியலமைப்பின்மீது செய்த மோசடி என்ற அளவுக்கு உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இங்கேயும் நிர்வாகம் சட்டமியற்றலுக்குள் நுழைந்தது, மூன்றாவது துறை தடுத்தது. ஒரு வித்தியாசம்: அவசரச் சட்டம் என்ற வாசலை அரசியலமைப்பே திறந்து வைத்திருக்கிறது, ஆகவே கேள்வி நுழையலாமா என்பதல்ல, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்பது. இந்திய அரசியலமைப்பு பிரிவினையை முழு இறுக்கத்துடன் ஏற்கவில்லை, ஆனால் துறைகளின் பணிகளைப் போதுமான அளவு வேறுபடுத்தியிருக்கிறது என்று 1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

மூன்றாவது வழியின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. கதை சொல்லும் ஆசை வந்துவிடும். போர், சங்கம், சம்பளப் பேச்சு என்று பத்து வரி போனால் அது அரசியல் அறிவியல் விடை இல்லை, செய்தித்தாள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: பத்தியில் உள்ள ஆள் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் மனதுக்குள் அடித்துவிட்டுப் படியுங்கள். 'நிர்வாகம் சட்டமியற்றும் வேலையைச் செய்தது, மூன்றாவது துறை தடுத்தது, தடுத்ததோடு அதன் சக்தி முடிந்தது' என்ற வாதம் மிஞ்சினால் சரி. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் கதைதான் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு ஆபத்து, ஒரே வழக்கை வைத்து எல்லா நாட்டுக்கும் தீர்ப்புச் சொல்வது. அதற்குத்தான் இரண்டாவது வழியில் இருந்து ஒரு பத்தியைக் கடன் வாங்க வேண்டும்: நாடாளுமன்ற முறையில் அமைச்சரவை சட்டமன்றப் பெரும்பான்மையில் இருந்தே பிறக்கிறது, ஆகவே அங்கே சட்டமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் உள்ள கோடு மங்கல், உண்மையான கோடு ஆளும் தரப்புக்கும் எதிர்க்கட்சிக்கும் நடுவில் ஓடுகிறது, நீதித்துறையின் தனித்தன்மைக்கு அதனாலேயே அதிக எடை. அமெரிக்காவிலும் அதிபரும் இரு அவைகளும் ஒரே கட்சியிடம் இருந்தால், மேடிசன் நம்பிய அந்தத் துறைசார்ந்த ஆசை கட்சி விசுவாசத்துக்கு வழிவிடும் என்ற விமர்சனத்தையும் இங்கேயே ஒரு வரியில் வைக்கலாம்.

ஆக என் தேர்வு மூன்றாவது வழிதான், மற்ற இரண்டில் இருந்தும் ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டு. நேரத்தில் சொன்னால் இரண்டு கருத்தும் எப்படி வேறு, ஏன் இரண்டும் வேண்டும் என்பதற்கு முதல் நாலு நிமிடம், மான்டெஸ்கியூவும் மேடிசனும் அதிலேயே அடக்கம். வழக்குக்கு ஆறு, ஏழு நிமிடம். மிச்சம் நாடாளுமன்ற முறைக்கும் விமர்சனத்துக்கும். 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்று கேட்டால் வழக்கில் இருந்து இரண்டு நிமிடத்தைப் பிடுங்கிக் கடைசிப் பகுதிக்குக் கொடுங்கள். கேள்வி 'மான்டெஸ்கியூவின் கோட்பாட்டை விளக்குக' என்று ஒரே ஆளைப் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் நான் முதல் வழிக்குத் திரும்புவேன், அப்போதுகூட அரிஸ்டாட்டில் வேண்டாம்.

தேர்வறையில் வழக்கின் பெயர் மறந்துவிட்டால் பயந்து அதைக் கைவிட வேண்டியதில்லை. 'கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க அதிபர் எஃகு ஆலைகளைக் கைப்பற்றிய வழக்கு' என்று எழுதினாலே திருத்துபவருக்கு எது என்று தெரியும், பெயரைத் தவறாக எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.